போட்ட கணக்கை மறுபடி போடுங்கள்



கேம்பஸ் நேர்காணலுக்காக லீட்கோட்டில் 200 கணக்கு முடித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். 300 முடித்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறு வாரத்துக்கு முன்னால் நீங்கள் போட்டு, திரையில் பச்சை எழுத்தில் Accepted என்று வந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தந்தால், அதை மறுபடி போட முடியுமா? முடியும் என்பவர்கள் கை தூக்க வேண்டாம். இன்றிரவு வீட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள். பாதியில் நின்றுவிட்டால், எந்த வரியில் நின்றீர்கள் என்று கவனியுங்கள். அன்றைக்கு முதல் தடவை எந்த வரியில் தடுக்கி விழுந்தீர்களோ, பெரும்பாலும் அதே வரியாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். விடை எத்தனை தடவை படித்தாலும் மறந்துபோகிறது. நாம் தவறிய இடத்தைக் குறித்துவைத்து, அதை இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சந்தித்தால் மறப்பதில்லை. அதை எப்படிக் குறிப்பது, எப்போது சந்திப்பது, சந்திக்கும்போது என்ன செய்வது? இந்த மூன்றும்தான் இன்றைய பேச்சு.

பேசிக்கொண்டே போனால் காற்றில் போய்விடும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். லீட்கோட்டில் 3ஆம் எண் கணக்கு. ஒரு எழுத்துச்சரம் தரப்படும். அதில் எந்த எழுத்தும் இரண்டு தடவை வராத மிக நீளமான தொடர்ச்சியான பகுதி எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டும். ஸ்லைடிங் விண்டோ படித்த எல்லோரும் போட்டிருப்பீர்கள். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```python
def longest(s):
    last = {}
    left = best = 0
    for i, c in enumerate(s):
        if c in last:
            left = last[c] + 1
        last[c] = i
        best = max(best, i - left + 1)
    return best
```

ஒவ்வொரு எழுத்தும் கடைசியாக எங்கே வந்தது என்று `last` நினைவில் வைத்திருக்கிறது. அதே எழுத்து மறுபடி வந்தால், ஜன்னலின் இடது ஓரமான `left` அந்தப் பழைய இடத்தைத் தாண்டி நகர்கிறது. படித்தால் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா? கேள்வியோடு கொடுக்கும் மாதிரிகளில் ஓட்டிப் பாருங்கள். `abcabcbb` என்றால் 3 வருகிறது. சரி. `bbbbb` என்றால் 1. சரி. `pwwkew` என்றால் 3. அதுவும் சரி. மாணவர் சப்மிட் செய்கிறார். Wrong Answer என்று வருகிறது!

எங்கே உடைகிறது? `abba` என்ற நாலே எழுத்தில் உடைகிறது. முதல் `a`, அடுத்து `b`. ஜன்னல் நீளம் 2. மூன்றாவதாக மறுபடி `b` வருகிறது. `left` 2ஆம் இடத்துக்கு நகர்கிறது. இதுவரை குறையில்லை. நான்காவதாக `a` வருகிறது. அந்த `a` கடைசியாக வந்தது 0ஆம் இடத்தில். நம் நிரல் என்ன செய்கிறது? `left`ஐ 0 + 1, அதாவது 1 என்று வைக்கிறது. 2இல் இருந்த ஓரம் பின்னால் 1க்குப் போய்விட்டது! விலக்கிவிட்டு வந்த `b` மறுபடி ஜன்னலுக்குள் நுழைந்துவிட்டது. விடை 3 என்று வருகிறது. உண்மையான விடை 2.

திருத்தம் ஒரே வரிதான்:

```python
left = max(left, last[c] + 1)
```

இப்போது கவனியுங்கள். இந்த இடத்தில்தான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் காரியம் நடக்கிறது. மாணவர் `max` சேர்க்கிறார், Accepted வருகிறது, அடுத்த கணக்குக்குப் போகிறார். ஆறு வாரம் கழித்துக் கேட்டால், ஸ்லைடிங் விண்டோ என்ற பெயர் நினைவிருக்கிறது, அகராதி ஒன்று தேவை என்பது நினைவிருக்கிறது, அந்த `max` மட்டும் நினைவில்லை. ஏன்? கற்றுக்கொண்டது `max` இருந்த வரியில்தான். அந்த வரியில் அவர் நின்றது அரை நிமிஷம்.

சரி, நிற்க வேண்டும் என்றால் எப்படி நிற்பது? எழுதி நிற்க வேண்டும். நோட்டில் எழுத வேண்டும்.

நோட்டில் எதை எழுதுவது? முழு நிரலையும் எழுத வேண்டாம். அது லீட்கோட்டிலேயே உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. நோட்டில் ஒரு கணக்குக்கு ஐந்து வரி போதும். முதல் வரி, கணக்கின் எண்ணும் தேதியும். இரண்டாவது, நான் நினைத்தது. மூன்றாவது, உண்மையில் நடந்தது. நான்காவது, அதை உடைக்கும் மிகச் சிறிய உள்ளீடு. ஐந்தாவது, ஒரே வாக்கியத்தில் விதி. நம் கணக்குக்கு அந்த ஐந்து வரி இப்படி இருக்கும்:

கணக்கு 3, திங்கள். நான் நினைத்தது: எழுத்து திரும்ப வந்தால் ஓரத்தை அதன் பழைய இடத்துக்கு அடுத்து வைத்தால் போதும். நடந்தது: பழைய இடம் ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே இருந்ததால் ஓரம் பின்னால் போனது. உடைக்கும் உள்ளீடு: `abba`. விதி: முன்னே மட்டுமே போக வேண்டிய எல்லையை நேரடியாக மாற்றாதே, பழைய எல்லையோடு ஒப்பிட்டு மாற்று.

இந்த ஐந்தில் மிகவும் மதிப்புள்ளது எது? நான்காவது வரி, அந்த `abba`. ‘கவனமாக இருக்க வேண்டும்’, ‘எட்ஜ் கேஸ் பார்க்க வேண்டும்’ என்று பல நோட்டுகளில் எழுதியிருப்பார்கள். அது வெறும் உறுதிமொழி. அதை வைத்து எந்தப் பிழையையும் பிடிக்க முடியாது. `abba` என்று எழுதினால், கையால் நாலு படி ஓட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று கண்ணால் காணலாம். உடைக்கும் உள்ளீட்டைச் சொல்ல முடியவில்லையா? அப்படியானால் பிழை இன்னும் புரியவில்லை என்று பொருள். சோதனை அவ்வளவுதான்.

இப்போது ஒரு படி மேலே போவோம். ஐந்து வரி எழுதியாகிவிட்டது. இதை எந்தத் தலைப்பின் கீழே போடுவது? ஸ்லைடிங் விண்டோ என்ற தலைப்பிலா? அங்கே போட்டால் அது ஸ்லைடிங் விண்டோ வரும்போது மட்டும்தான் உதவும். அதனால்தான் பிழையின் வகைப்படி போடச் சொல்கிறேன்.

வகைப்படி போட்டால் என்ன லாபம்? இன்னும் இரண்டு கணக்கைப் பாருங்கள். லீட்கோட் 56ஆம் எண்: ஒன்றன்மேல் ஒன்று விழும் கால இடைவெளிகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தின்படி வரிசைப்படுத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். சேர்க்கும்போது ‘முடிவு = புதிய இடைவெளியின் முடிவு’ என்று எழுதினால் என்ன ஆகும்? `[1,10]`, `[2,3]`, `[4,5]` கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது முதலாவதற்குள் அடங்கியது. ஆனால் முடிவு 10இலிருந்து பின்னால் 3க்குப் போய்விடும். அதனால் `[4,5]` தனி இடைவெளியாக நின்றுவிடும். ஒரே இடைவெளியாக வர வேண்டியது இரண்டாகிவிடும்.

அடுத்தது 55ஆம் எண்: ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கட்டம் தாண்டலாம் என்று எழுதியிருக்கும், கடைசிக் கட்டத்தை அடைய முடியுமா? எட்டக்கூடிய தூரம் `reach` என்று வைத்து, ‘`reach = i + nums[i]`’ என்று எழுதினால் `[2,0,0]`இல் உடைகிறது. முதல் கட்டத்திலிருந்தே 2ஆம் கட்டம் வரை எட்டலாம். ஆனால் அடுத்த கட்டத்துக்கு வந்ததும் `reach` 1 ஆகச் சுருங்கிவிடும். முடியும் என்பதை முடியாது என்று நிரல் சொல்லிவிடும்.

ஒன்று எழுத்துச்சரம், ஒன்று கால இடைவெளி, ஒன்று தாண்டிப் போகும் விளையாட்டு. பாடத்திட்டத்தில் மூன்றும் மூன்று அத்தியாயம். ஆனால் பிழை எத்தனை? ஒன்றே ஒன்று! முன்னே மட்டும் போக வேண்டிய எல்லை பின்னால் போனது. தலைப்பின்படி பிரித்த நோட்டில் இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே மாட்டா. பிழையின்படி பிரித்த நோட்டில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும். நான்காவது தடவை அதே பிழை புது வேஷத்தில் வரும்போது, கை எழுதுவதற்கு முன்னாலேயே கண் பிடித்துவிடும்.

பிழையை வகைப்படுத்துவது மாணவர் வேலை என்று எண்ண வேண்டாம். டொனால்ட் குனூத்தைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க முடியாது. அவர் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கிய பிறகு, 1978இல் முதல் பிழைநீக்கம் செய்த நாள் முதல் பத்தாண்டு காலம், அதில் செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வந்தார். 850க்கும் மேற்பட்ட பதிவுகள். 1989இல் அந்தப் பட்டியலை அப்படியே கட்டுரையின் பின்னிணைப்பாக வெளியிட்டார். பதிவுகளை 15 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துக் குறி கொடுத்தார். அல்காரிதமே தவறு என்றால் ஒரு எழுத்து, வெறும் தட்டச்சுப் பிழை என்றால் வேறு எழுத்து.

நமக்கு 15 வேண்டாம். ஆறு போதும். கேள்வியைத் தவறாகப் படித்தது ‘வாசிப்பு’. தவறான வழியைத் தேர்ந்தெடுத்தது ‘தேர்வு’. ஒன்று கூட, ஒன்று குறைய என்பது ‘எல்லை’. ஓடும்போது மாறாமல் இருக்க வேண்டிய உண்மையை உடைத்தது ‘நிலை’. நம் `abba` அதில்தான் வரும். உள்ளீடு 1,00,000 என்று சொல்லியும் இரண்டு லூப்பை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஆயிரம் கோடிப் படிகள் ஓடவிட்டது ‘வேகம்’. ஜாவாவில் `Integer` பொருள்களை `==` போட்டு ஒப்பிட்டு, 127 வரை சரியாக ஓடி 128இல் கவிழ்ந்தது ‘மொழி’. நோட்டை ஆறாகப் பிரித்து ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எந்தப் பகுதி தடித்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பலவீனம் எங்கே என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சரி, எழுதியாகிவிட்டது. எப்போது திரும்பப் பார்ப்பது?

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே இதற்கு வழி காட்டிவிட்டார். பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்று கண்டார். ஒரே மூச்சில் பல தடவை படிப்பதைவிட, நாள்களில் பரப்பிப் படிப்பது மேல் என்றும் கண்டார். ஆகவே முதல் சந்திப்பு சீக்கிரம் வர வேண்டும். அடுத்தடுத்தவை தள்ளித் தள்ளி வரலாம். 1, 3, 7, 21, 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட நாளிலிருந்து 1ஆம் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள், 60ஆம் நாள். இந்த எண்கள் கல்வெட்டு கிடையாது. நேர்காணல் மூன்று வாரத்தில் என்றால் முதல் மூன்றோடு நிறுத்துங்கள். எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டுமோ, இடைவெளியும் அதற்கேற்ப நீள வேண்டும் என்பதுதான் கணக்கு.

எப்போது என்பதைவிடப் பெரிய கேள்வி, சந்திக்கும்போது என்ன செய்வது? பழைய நிரலைத் திறந்து, படித்து, தலையாட்டி, மூடுவதா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்துத் தடவை போன ஊருக்கு வழி தெரியும் என்றுதான் தோன்றும். ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தால்தான் எந்த முக்கில் திரும்புவது என்று தெரியாதது தெரியும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களிடம் உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சிலரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது? எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்! படித்தவுடன் வரும் அந்தத் தெளிவு ஐந்து நிமிஷத் தெளிவு. நேர்காணலுக்கு அது போதுமா?

ஆகவே நோட்டை மூடி வைத்துத்தான் தொடங்க வேண்டும். நம் `abba`வை ஐந்து சந்திப்பிலும் தொடர்ந்து பார்ப்போம். செவ்வாய்க்கிழமை முதல் சந்திப்பு. கேள்வியை மட்டும் பாருங்கள். முழு நிரலையும் தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகே நோட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். வியாழக்கிழமை இரண்டாவது சந்திப்பு. இன்று எழுதுவதற்கு முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்: இந்த நிரலில் எந்த எல்லை பின்னால் போகக் கூடாது, போனால் எந்த உள்ளீட்டில் உடையும்? பிறகு எழுதுங்கள். 7ஆம் நாள் மூன்றாவது சந்திப்பு. முழு நிரல் வேண்டாம். வழியைச் சொல்லி, அந்த ஒரு வரியை மட்டும் எழுதுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

21ஆம் நாளில் ஒரு திருப்பம். அதே கணக்கைப் போடாதீர்கள். ஏன்? மூன்று தடவை போட்டாகிவிட்டது. இனி கை தானாகவே எழுதிவிடும். கை எழுதுவதை மூளை எழுதியது என்று நாம் நம்பிவிடுவோம். இது உண்மை நினைவா, பழக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? `max`ஐ எடுத்துவிட்டு, ‘இப்போது எது உடையும்?’ என்று கேளுங்கள். `max` எழுதத் தெரிகிறது, உடையும் உள்ளீடு சொல்லத் தெரியவில்லை என்றால் அது பழக்கம். அதனால் 21ஆம் நாளில் இன்னொரு ஸ்லைடிங் விண்டோ கணக்கு. 60ஆம் நாளில் வேறு அத்தியாயத்துக் கணக்கு, கால இடைவெளிக் கணக்கு மாதிரி. அங்கேயும் எல்லையை ஒப்பிட்டு மாற்றத் தோன்றினால், விதி உங்களுடையதாகிவிட்டது.

ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள். துணையில்லாமல் வந்தால் சரிக்குறி. அடுத்த இடைவெளிக்குப் போகலாம். குறிப்பு பார்த்து வந்தால் அரைக்குறி; அதே இடைவெளியில் இன்னொரு தடவை. வரவே இல்லை என்றால் பெருக்கல் குறி. மறுபடி 1ஆம் நாளிலிருந்து. பெருக்கல் குறிக்கு வெட்கப்பட்டு அரைக்குறி போடுகிறவர்கள் தங்களையே ஏமாற்றுகிறார்கள். நோட்டை வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொன்று. ஒரு நாளில் சந்திக்க வேண்டிய கணக்குகளை அத்தியாய வரிசையில் அடுக்காதீர்கள். கலைத்துப் போடுங்கள். 2007இல் ரோரரும் டெய்லரும் மாணவர்களுக்குச் சில திடப்பொருள்களின் கனஅளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கூட்டம் வகைவகையாகப் பயிற்சி செய்தது. இன்னொரு கூட்டம் கலந்து செய்தது. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள்தான் முன்னணி. ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் அவர்கள் எடுத்தது 20 சதவீதம். கலந்து செய்தவர்கள் எடுத்தது 63 சதவீதம்! காரணம் என்ன? வகை தெரிந்தால் வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. நேர்காணலில் யாராவது ‘இது ஸ்லைடிங் விண்டோ கணக்கு’ என்று சொல்லிக் கேட்பார்களா? அதனால் திரையில் தலைப்புக் குறிச்சொற்களை மறைத்துவிட்டே கணக்கைத் திறங்கள்.

‘ஐயா, இதற்கெல்லாம் நேரம் எங்கே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பதிவுக்கு முதல் இரண்டு சந்திப்பு 20 நிமிஷம் வீதம், மூன்றாவது 5 நிமிஷம், கடைசி இரண்டும் புதுக் கணக்கு என்பதால் 25 நிமிஷம் வீதம். ஆக மொத்தம் 95 நிமிஷம். தினம் ஒரு பதிவு சேர்த்தால், கொஞ்ச நாளில் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பழையதற்கே போய்விடும். தாங்காது. வாரத்துக்கு மூன்று பதிவு என்றால் 285 நிமிஷம், நாளுக்கு ஏறக்குறைய 40 நிமிஷம். அது தாங்கும். ஆகவே முதல் தடவையிலேயே துணையின்றிச் சுத்தமாக வந்த கணக்குக்கு நோட்டில் இடமில்லை. தவறியதும், விடையைப் பார்த்ததும் மட்டுமே நுழையலாம். அதிலும் வாரத்துக்கு மூன்றுதான். பாக்கி குவிந்துவிட்டதா? புதுக் கணக்கை நிறுத்துங்கள். பாக்கி தீர்ந்த பிறகு தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். விதி எழுதியவுடன் அதை எங்கும் பூசத் தோன்றும். ‘எல்லையை `max` போட்டு மாற்று’ என்று சுருக்கி எழுதியவர், தொடர் பகுதியின் பெரிய கூட்டுத்தொகையைக் கேட்கும் கடேன் அல்காரிதத்திலும், இதுவரை வந்த நடப்புக் கூட்டுத்தொகை குறையவே கூடாது என்று `max` போட்டுவிடுவார். அங்கே குறை எண் வந்தால் நடப்புக் கூட்டுத்தொகை இறங்கியாக வேண்டும். ஏறி மட்டுமே போக வேண்டியது, கண்டதிலேயே பெரியதைக் குறிக்கும் `best` ஒன்றுதான். ஆகவே விதியில் ‘முன்னே மட்டுமே போக வேண்டிய’ என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மாறிக்கும் கேளுங்கள்: இது இறங்கலாமா, கூடாதா? ஏன்? நிபந்தனை இல்லாத விதி அடுத்த பிழைக்கு விதை.

நண்பர்களே, இன்று ஒரு பிழையை நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்துவிட்டோம். ஆக, உங்கள் நோட்டின் முதல் பதிவு தயார். இன்றிரவு ‘நிலை’ என்ற பகுதியில் அந்த ஐந்து வரியை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். பக்கத்தின் ஓரத்தில் ஐந்து தேதி குறியுங்கள். நாளை நோட்டை மூடி வைத்துவிட்டு நிரலை எழுதுங்கள். 21ஆம் நாள் போட வேண்டிய கணக்கை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே தேடுங்கள். எல்லை பின்னால் போகக் கூடாத இன்னொரு கணக்கைத் தேடி எடுப்பதே அன்றைய பயிற்சியில் பாதி. எழுதத் தொடங்குங்கள்.